8.13 என்று எழுதவிடாதீர்கள்

பிரித்தானியாவில் சனி ஞாயிறுகளில் எங்கள் பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பிக்கும் ஆசிரியர்களுக்கும், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மேசையில் கூட இருந்து பயிற்சித்தாள் பார்க்கும் பெற்றோருக்கும்,

உங்கள் உழைப்பை அறிந்தவன் என்ற உரிமையோடு ஒரு முறைப்பாட்டையும் ஒரு வேண்டுகோளையும் முன்வைக்கிறேன். ஜி.சி.எஸ்.ஈ கணிதத்தில் மேல் எல்லை, கீழ் எல்லை என்று வரும் பகுதியைப் பற்றியது இது. பிள்ளைகள் 'அப்பர் பவுண்ட், லோவர் பவுண்ட்' என்று சொல்வார்கள். ஹையர் தாள் எழுதும் பிள்ளைக்கு இது தவிர்க்க முடியாத பகுதி. அதைச் சொல்லிக்கொடுக்க நாங்கள் ஒரு நான்கு வரி அட்டவணையை எழுதிக் கையில் கொடுத்துவிடுகிறோம்: பெரிய விடை வேண்டுமென்றால் கூட்டலுக்கு மேலும் மேலும், கழித்தலுக்கு மேலும் கீழும், பெருக்கலுக்கு மேலும் மேலும், வகுத்தலுக்கு மேலும் கீழும். பிள்ளை அதைப் பாடமாக்குகிறது. பாடமாக்கிய அட்டவணை மூன்று கணக்குக்கு உதவும், நான்காவதில் காலை வாரிவிடும். ஏன் வாரிவிட்டதென்று பிள்ளைக்கும் தெரியாது, திருத்துகிற எங்களுக்கும் சில வேளை தெரியாது.

பயிற்சித்தாள்களில் அடிக்கடி வரும் வகைக் கணக்கு ஒன்றை எடுங்கள். ஒருவர் 100 மீற்றரை 12.3 செக்கனில் ஓடுகிறார். தூரம் கிட்டிய மீற்றருக்கும், நேரம் ஒரு தசமதானத்துக்கும் மட்டந்தட்டப்பட்டவை. எல்லைகளைக் கருத்தில் கொண்டு வேகத்தைப் பொருத்தமான திருத்தத்துக்குத் தருக, காரணமும் கூறுக.

பிள்ளை கணிப்பானை எடுக்கிறது. 100-ஐ 12.3-ஆல் வகுக்கிறது. திரையில் 8.130081 என்று வருகிறது. இரண்டு தசமதானத்துக்கு வெட்டி 8.13 என்று எழுதி அடியில் கோடும் போட்டுவிடுகிறது. பக்கத்தில் இருக்கும் நாங்களும் கணிப்பானில் ஒருமுறை தட்டிப் பார்த்துச் சரி போடுகிறோம். அந்த 8.13-இல் உண்மையில் நம்பக்கூடிய இலக்கம் எத்தனை என்று யாரும் கேட்பதில்லை. இந்தக் கணக்கு கேட்டதோ அதை மட்டும்தான்.

முதலில் அந்த 100 என்ற எண்ணை எடுப்போம். கிட்டிய மீற்றருக்கு 100 என்றால் உண்மைத் தூரம் 99.5-இலிருந்து 100.5 வரை எங்கும் இருக்கலாம். 99.5 சேரும், 100.5 சேராது, ஏனென்றால் 100.5-ஐ மட்டந்தட்டினால் 101 ஆகிவிடும். எனவே 99.5 ≤ d < 100.5. அதேபோல 12.25 ≤ t < 12.35. இதைத்தான் பிழை இடைவெளி என்கிறோம். மட்டந்தட்டிய அலகில் பாதியைக் கூட்டிக் கழித்தால் வருவது இது. அலகு எது என்பதில்தான் பிள்ளைகள் வழுக்குவார்கள். கிட்டிய அரைச் செக்கனுக்கு என்றால் அதில் பாதி கால் செக்கன். 340-ஐ இரண்டு பொருளுள்ள இலக்கத்துக்குத் தந்திருந்தால் அலகு பத்து, பாதி ஐந்து, ஆகவே 335-இலிருந்து 345 வரை. அதே 100 ஒரு பொருளுள்ள இலக்கத்துக்கு மட்டும் தரப்பட்டிருந்தால் கதையே வேறு: கீழே 95, மேலே 150. 96 மட்டந்தட்டினால் 100, 149-உம் மட்டந்தட்டினால் 100. 'பாதியைக் கூட்டு, பாதியைக் கழி' என்ற பாடம் அங்கே ஒரு பக்கத்தில் பிழைத்துப்போகும், இடைவெளி சமச்சீராகவும் இராது.

இங்கே பல வீடுகளில் நடக்கும் வாக்குவாதம் ஒன்றையும் சொல்ல வேண்டும். நேரத்தின் மேல் எல்லை 12.35 என்றால், 'அது சேராதென்று நீங்களே சொன்னீர்கள், பிறகு ஏன் அதை எழுதுகிறீர்கள்? 12.349 என்று எழுதினால் என்ன?' என்று பிள்ளை கேட்கும். நல்ல கேள்வி. 'அப்படித்தான் எழுத வேண்டும்' என்று வாயை அடைத்துவிடாதீர்கள். 12.349 என்று எழுதினால் 12.3495 வெளியே போய்விடும், அதுவும் 12.3-ஆக மட்டந்தட்டப்படும் எண்தான். 12.34999 என்றாலும் அதற்கு மேலே இன்னொன்று இருக்கும். இந்த இடைவெளிக்குள் கடைசி எண் என்று ஒன்று இல்லை. ஆகவே எல்லாவற்றையும் தாண்டி நிற்கும் மிகச் சிறிய எண்ணைத்தான் எல்லை என்று வைக்கிறோம், அது 12.35. அதைத் தொடமாட்டோம் என்பதைச் சொல்லத்தான் < குறி இருக்கிறது. ஆட்களை எண்ணுகிற கணக்கு மட்டும் வேறு. கிட்டிய பத்துக்கு 300 பேர் என்றால் ஆகக்கூடியது 304 பேர்தான், 304.9 பேர் இருக்க முடியாது. வயதும் வேறு. பதினாறு வயது என்பது மட்டந்தட்டியதன்று, வெட்டி விட்டது. பதினேழாவது பிறந்தநாளுக்கு முதல்நாள் வரை பதினாறுதான், அதனால் 16 ≤ வயது < 17. வெட்டல் என்பதும் பாடத்திட்டத்தில் இருக்கிறது. மட்டந்தட்டலை மட்டும் பழக்கிவிட்ட பிள்ளை அங்கே 15.5 என்று எழுதும்.

இனி வகுத்தலுக்கு வருகிறேன். வேகம் ஆகக்கூடியது எப்போது வரும்? தூரம் கூடினால் வேகம் கூடும், ஆகவே தூரத்தின் மேல் எல்லை. நேரம் கூடினால் வேகம் குறையும், ஆகவே நேரத்தின் கீழ் எல்லை. 100.5-ஐ 12.25-ஆல் வகுத்தால் 8.2041. ஆகக்குறைந்ததற்கு இரண்டையும் திருப்பிப் போட வேண்டும்: 99.5-ஐ 12.35-ஆல் வகுத்தால் 8.0567. உண்மை வேகம் இந்த இரண்டுக்கும் நடுவே எங்கோ இருக்கிறது. எங்கே என்று சொல்ல எங்களிடம் எதுவும் இல்லை.

இனிக் கேளுங்கள்: இரண்டும் எந்தத் திருத்தத்தில் ஒரே எண்ணாகின்றன? இரண்டு தசமதானத்துக்கு 8.20-உம் 8.06-உம், பொருந்தவில்லை. ஒரு தசமதானத்துக்கு 8.2-உம் 8.1-உம், இன்னும் பொருந்தவில்லை. ஒரு பொருளுள்ள இலக்கத்துக்கு இரண்டும் 8. ஆகவே விடை செக்கனுக்கு 8 மீற்றர். காரணம்: மேல் எல்லையும் கீழ் எல்லையும் ஒரு பொருளுள்ள இலக்கத்துக்கு மட்டந்தட்டும்போது இரண்டும் 8 ஆகின்றன. பிள்ளை எழுதிய 8.13-இல் தசமத்துக்குப் பின்னால் இருந்த இரண்டு இலக்கத்தையும் அளவீடு தரவில்லை, கணிப்பான் தந்தது.

இந்தக் கடைசி வரியில்தான் எங்கள் பிள்ளைகள் புள்ளியை விட்டுவிட்டு வருகிறார்கள் என்பது என் முறைப்பாடு. எல்லைகள் இரண்டையும் சரியாகக் கண்டுபிடித்துவிட்டு, பிறகு அவற்றைக் கூட்டி இரண்டால் வகுத்து, நடுவில் வருவதை விடை என்று எழுதுகிறார்கள். அல்லது 'கேள்வியில் ஒரு தசமதானம் இருந்தது, நானும் ஒரு தசமதானம் தந்தேன்' என்று காரணம் எழுதுகிறார்கள். இரண்டும் கேட்ட கேள்விக்கு விடையில்லை. வேறு சிலர் எல்லைகளையே நேரகாலத்தோடு மட்டந்தட்டிவிடுகிறார்கள். 8.0567-ஐ 8.06 என்று எழுதிவிட்டு அதை மறுபடி மட்டந்தட்டினால் சில கணக்குகளில் தப்பிக்கொள்ளலாம், சிலவற்றில் விடை ஒரு இலக்கம் நகர்ந்துவிடும். ஒப்பிட்டு முடியும் வரை நான்கு ஐந்து இலக்கத்தை வைத்திருக்கச் சொல்லுங்கள்.

அதே ஓட்டத்தில் இன்னும் ஒரு கேள்வியைப் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். விடையை ஒரு தசமதானத்துக்குத் தர வேண்டுமென்றால் எதை இன்னும் நுட்பமாக அளக்க வேண்டும், தூரத்தையா நேரத்தையா? தூரத்தை மட்டும் கிட்டிய பத்துச் சென்ரிமீற்றருக்கு அளந்தோம் என்று வையுங்கள். 99.95-இலிருந்து 100.05 வரை. நேரம் பழையபடியே. வேகம் 8.0931-இலிருந்து 8.1673 வரை வருகிறது. இடைவெளி பாதியாகிவிட்டது, ஆனால் ஒரு தசமதானத்துக்கு இன்னும் 8.1-உம் 8.2-உம்தான். சரி, தூரத்தை விட்டுவிட்டு நேரத்தை மட்டும் 12.30 என்று இரண்டு தசமதானத்துக்கு எடுத்தால்? 8.0861-இலிருந்து 8.1741 வரை. அதுவும் போதவில்லை. இரண்டையும் திருத்தினால்தான் 8.1227-உம் 8.1375-உம் வந்து, இரண்டும் 8.1 ஆகின்றன. இங்கே 12.3-உம் 12.30-உம் ஒரே அளவீடு இல்லை என்பது பிள்ளைக்குத் தானாகவே விளங்கிவிடும். கடைசியில் நிற்கும் பூச்சியத்தைக் கணிப்பான் காட்டாது. தாளில் இருந்தால் அது அளந்தவருடைய வாக்குமூலம்.

ஊரில் உயர்தரத்திலோ பிளஸ் ஒன்னிலோ பௌதிகம் படித்துவிட்டு வந்தவர்களுக்குத் தனியாக ஒரு சொல். ஆய்வுகூடத்தில் சதவீதப் பிழைகளைக் கூட்டிப் பழகியிருப்பீர்கள். அந்த வழியில் தூரத்தில் 0.5 சதவீதம், நேரத்தில் ஏறத்தாழ 0.4065 சதவீதம், மொத்தம் 0.9065 சதவீதம். 8.1301-இல் அது 0.0737. ஆகவே 8.0564-இலிருந்து 8.2038 வரை. பிழையான வழி இல்லை, நல்ல தோராயம். ஆனால் சரியான எல்லைகள் 8.0567-உம் 8.2041-உம். நான்காவது தசமதானத்தில் விலகல் தெரிகிறது. பிழைகள் சிறிதாக இருக்கும்போது மட்டும்தான் இவ்வளவு கிட்ட வரும். நீங்கள் அந்த வழியில் செய்து காட்டினால் பிள்ளை இரண்டு வழியையும் கலந்து, எல்லை கேட்ட இடத்தில் தோராயத்தை எழுதிவிடும். தயவுசெய்து அதை உங்கள் சரிபார்ப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள், பிள்ளையின் கொப்பியில் எழுத வேண்டாம்.

கழித்தலில் நடக்கும் பிழை இன்னும் மறைவானது. 240 சென்ரிமீற்றர் பலகையிலிருந்து 150 சென்ரிமீற்றர் வெட்டி எடுக்கிறார்கள், இரண்டும் கிட்டிய பத்துச் சென்ரிமீற்றருக்கு. மீதி ஆகக்கூடியது எவ்வளவு? பெரியது வேண்டுமென்றால் பெரியதையெல்லாம் போடு என்று பழகிய பிள்ளை 245-இலிருந்து 155-ஐக் கழித்து 90 என்கிறது. ஆகக்குறைந்ததற்கு 235-இலிருந்து 145-ஐக் கழித்து, அதுவும் 90. ஆகக்கூடியதும் ஆகக்குறைந்ததும் ஒன்றாக வந்தால் அளவீட்டில் பிழையே இல்லை என்றாகிவிடும். சந்தேகமுள்ள இரண்டு அளவைக் கழித்து சந்தேகமே இல்லாத விடை எங்கிருந்து வந்தது? அந்த இரண்டு 90-உம் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதைப் பார்த்தால் உடனே பேனையை நிறுத்தச் சொல்லுங்கள். சரியான விடை: நீளமான பலகையிலிருந்து குறைந்த துண்டை வெட்டினால் 245 − 145 = 100, குறுகிய பலகையிலிருந்து கூடிய துண்டை வெட்டினால் 235 − 155 = 80. மீதி 80-க்கும் 100-க்கும் இடையில். பலகையில் இருந்த நிச்சயமின்மை நூற்றுக்கு இரண்டு, துண்டில் நூற்றுக்கு மூன்று சொச்சம். மீதியில் அது நூற்றுக்குப் பதினொன்றாகிவிட்டது. கிட்டத்தட்டச் சமமான இரண்டு அளவைக் கழிக்கும்போது பிழை இன்னும் ஊதும். இது தெரிந்த பிள்ளை பிறகு ஆய்வுகூடத்தில் தராசின் முன் நின்றாலும் ஏமாறாது.

நுணுக்கமாகப் பார்க்கிற பிள்ளை ஒன்று இருந்தால் குறிகளையும் கேட்கச் சொல்லுங்கள். மீதி 80 ஆக இருக்க முடியுமா? அதற்குப் பலகை 235 ஆக இருக்கலாம், ஆனால் துண்டு 155 ஆக இருக்க வேண்டும், 155 சேராது. ஆகவே 80-உம் சேராது, 100-உம் சேராது: 80 < மீதி < 100. கூட்டலில் அப்படி இல்லை, இரண்டு கீழ் எல்லையும் சேர்வதால் கூட்டுத்தொகையின் கீழ்ப்பக்கம் ≤ வரும். கழித்தலிலும் வகுத்தலிலும் எல்லாப் பயிற்சித்தாளும் இந்த வேறுபாட்டைக் காட்டுவதில்லை, பழக்கத்தில் ≤ என்றே போட்டுவிடுகிறார்கள்.

இனி, அட்டவணை காலை வாரிவிடும் இடத்துக்கு வருகிறேன். p = x / (y − z) என்று ஒரு சூத்திரம். x = 12, y = 9, z = 5, எல்லாம் கிட்டிய முழு எண்ணுக்கு. p-இன் மேல் எல்லை என்ன? அட்டவணையைப் பாடமாக்கிய பிள்ளை 'மேல் எல்லை கேட்கிறார்கள். கழித்தலுக்கு மேலும் கீழும்' என்று 9.5-இலிருந்து 4.5-ஐக் கழித்து 5 எடுக்கும். 12.5-ஐ 5-ஆல் வகுத்து 2.5 என்று எழுதும். கழித்தல் படியில் அட்டவணைக்கு மீறி எதுவும் செய்யவில்லை. ஆனால் தந்த எண்களை அப்படியே போட்டாலே 12-ஐ 4-ஆல் வகுத்து 3 வருகிறது! மேல் எல்லை சாதாரண விடையை விடக் குறைவாக இருக்கிறது, பிள்ளை கவனிக்கவும் இல்லை. p பெரிதாக வேண்டுமென்றால் கீழே இருப்பது சிறிதாக வேண்டும். அது சிறிதாக y-இன் கீழ் எல்லை, z-இன் மேல் எல்லை: 8.5 − 5.5 = 3. அப்போது 12.5-ஐ 3-ஆல் வகுத்து 4.17 ஏறத்தாழ. கீழ் எல்லை 11.5-ஐ 5-ஆல் வகுத்து 2.3. மூன்றைச் சுற்றி 2.3-இலிருந்து 4.17 வரை. பிள்ளை எழுதிய 2.5 மேல் எல்லையாகவும் இல்லை, கீழ் எல்லையாகவும் இல்லை.

ஆகவே என் வேண்டுகோள் இது. அந்த நான்கு வரி அட்டவணையைப் பயிற்சித்தாளின் தலையிலிருந்து எடுத்துவிடுங்கள். அதற்குப் பதிலாக ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு கேள்வியைக் கேட்கப் பழக்குங்கள்: மற்றதெல்லாம் அப்படியே இருக்க, இது மட்டும் கூடினால் விடை கூடுமா குறையுமா? x கூடினால் p கூடும். y கூடினால் கீழே பெரிதாகி p குறையும். z கூடினால் கீழே சிறிதாகி p கூடும். கூடும் என்றவற்றுக்கு மேல் எல்லை, குறையும் என்றதற்குக் கீழ் எல்லை. அதைச் சிறிய அம்புக்குறியாக எழுத்துக்கு மேலே போட்டுவிட்டால், சூத்திரம் எவ்வளவு நீளமாக இருந்தாலும் பிள்ளை தடுமாறாது. ஒரே எழுத்து மேலேயும் கீழேயும் வந்தால் மட்டும் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். அங்கே மேலே ஒரு எல்லை, கீழே இன்னொரு எல்லை என்று போட முடியாது, ஒரே கோலின் நீளம் ஒரே நேரத்தில் இரண்டு அளவாக இருக்காது.

பயிற்சித்தாள் தயாரிக்கிற ஆசிரியர்களிடம் கூடுதலாக ஒன்று. பத்துக் கணக்கையும் ஒரே மாதிரி அடுக்காதீர்கள். முதல் பக்கம் முழுக்கப் பெருக்கல், அடுத்த பக்கம் முழுக்க வகுத்தல் என்று கொடுத்தால் பிள்ளை முதலாவதைப் பார்த்து மற்றவற்றைப் பிரதி செய்யும். கூட்டலையும் வகுத்தலையும் கலந்து போடுங்கள். வயதை ஒரு இடத்தில், ஆட்களின் எண்ணிக்கையை ஒரு இடத்தில் வையுங்கள். ஒரு அளவு மட்டந்தட்டியது, மற்றது சரியான எண் என்று ஒரு கணக்கு வையுங்கள். 'சரியாக நான்கு துண்டு' என்ற நான்குக்கும் எல்லை எழுதுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். காரணம் எழுத இரண்டு வரி வெற்றிடம் விடுங்கள். இடம் இருந்தால்தான் எழுதுவார்கள்.

பெற்றோரே, உங்களிடம் கேட்பது இதைவிடச் சிறியது. விடை சரியா என்று கணிப்பானில் தட்டிப் பார்ப்பதற்கு முன் இரண்டைப் பாருங்கள். சாதாரண விடை இரண்டு எல்லைக்கும் நடுவில் நிற்கிறதா? கடைசி விடையில் எழுதிய இலக்கங்கள் இரண்டு எல்லைக்கும் பொதுவாக வருகின்றனவா? இதற்குக் கணிதம் அதிகம் தெரிந்திருக்க வேண்டியதில்லை, இரண்டு எண்ணைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும்.

இந்த வாரம் உங்கள் பிள்ளைக்கு இந்த ஒரு கணக்கை மட்டும் கொடுங்கள். ஒரு துண்டின் திணிவு 54 கிராம், கனவளவு 20 கன சென்ரிமீற்றர், இரண்டும் கிட்டிய முழு எண்ணுக்கு. வகுத்தால் கன சென்ரிமீற்றருக்கு 2.7 கிராம் வரும். அலுமினியத்தின் அடர்த்தியும் 2.70. படிகக்கல் என்ற குவார்ட்ஸின் அடர்த்தி 2.65. இந்த இரண்டு அளவையும் மட்டும் வைத்து 'இது அலுமினியம், குவார்ட்ஸ் இல்லை' என்று சொல்லலாமா? அடர்த்தியின் இரண்டு எல்லையையும் கண்டுபிடித்து, ஆமா இல்லையா என்று காரணத்தோடு எழுதச் சொல்லுங்கள். சொல்ல முடியாது என்று எழுதினால், அடுத்ததாக எதை எவ்வளவு நுட்பமாக அளந்தால் சொல்லலாம் என்று கேளுங்கள்.

அன்புடனும் எதிர்பார்ப்புடனும்,
உங்களில் ஒருவனான ஒரு கணித ஆசிரியன்